எஸ்.எஸ். தொட்டிக்கு எம்.எஸ். வேகம் வைக்காதீர்கள்: ஸ்டெப் வெட்ஜில் திக்னஸ் கேஜ் கேலிபரேஷன்

கங்கைகொண்டான் சிப்காட்டுக்கோ தூத்துக்குடிப் பக்கத்து ஆலைகளுக்கோ ஷட்டவுன் வேலைக்குப் போகும் புதுப் பையன்கள் கையில் முதலில் கொடுக்கப்படுவது அல்ட்ராசோனிக் திக்னஸ் கேஜ்தான். பார்க்க எளிது. ஜெல் தடவி, புரோப்பை வைத்தால் எண் வந்துவிடும். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. கேலிபரேஷன் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எண் வரும், இரண்டு தசம இடத்தோடு வரும், ஆடாமல் நிற்கும். தப்பான எண்ணுக்கும் சரியான எண்ணுக்கும் திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

இந்தக் கட்டுரை சாதாரண இரட்டைப் படிக புரோப் உள்ள கேஜுக்கானது. கருவியில் ஒரு வட்டு பதித்திருப்பார்களே, 4 மி.மீ. அல்லது 5 மி.மீ. என்று, அந்த வகை. ஸ்கேன் அலை காட்டும் பெரிய கருவிகளில் பொத்தான்கள் மாறும், கணக்கு மாறாது.

கேஜ் எதை அளக்கிறது

கேஜ் தடிமனை அளப்பதில்லை, நேரத்தை அளக்கிறது. புரோப்பின் ஒரு பாதி ஒலியை அனுப்பும். அது உலோகத்தின் பின்பக்கத்தில் மோதித் திரும்பும்போது மறுபாதி வாங்கிக்கொள்ளும். போய்வந்த நேரத்தை, நாம் கொடுத்த ஒலிவேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்துத் திரையில் போடுகிறது.

```
தடிமன் = வேகம் × (நேரம் − ஜீரோ) ÷ 2
```

இதில் நம் கையில் இருப்பவை இரண்டுதான். ஒன்று வேகம். இன்னொன்று ஜீரோ, அதாவது ஒலி உலோகத்தைத் தொடுவதற்கு முன்பு கேபிளிலும் புரோப்பின் பிளாஸ்டிக் முகத்திலும் செலவழித்த நேரம். கேலிபரேஷன் என்பது இந்த இரண்டையும் சரியான இடத்தில் நிறுத்துவது, அவ்வளவே.

இரண்டும் செய்யும் தப்பு ஒரே மாதிரி இருக்காது. ஜீரோ தப்பாக இருந்தால் 2 மி.மீ. தகட்டிலும் 20 மி.மீ. தகட்டிலும் ஒரே அளவு கூடும் அல்லது குறையும். வேகம் தப்பாக இருந்தால் தடிமன் ஏற ஏறத் தப்பும் ஏறும். ஒரே ஒரு தடிமனை வைத்துப் பார்த்தால் தப்பு எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது. இரண்டு தடிமன் வேண்டும். ஸ்டெப் வெட்ஜ் என்று படிப்படியாக வெட்டிய கட்டை கொடுத்திருப்பது அதற்காகத்தான்.

வெட்ஜைக் கையில் எடுத்ததும்

மெட்ரிக் வெட்ஜ்களில் பரவலாகக் கிடைப்பது ஐந்து படி: 2.5, 5, 7.5, 10, 12.5 மி.மீ. மேலே பொறித்திருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது பெயரளவு. உண்மை அளவு சான்றிதழில் இருக்கும். சான்றிதழ் காணாமல் போயிருந்தால் (பல இடங்களில் போயிருக்கும்) மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு படியையும் நீங்களே அளந்து ஒரு தாளில் எழுதி, வெட்ஜ் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். தூத்துக்குடிக் கடற்காற்றில் இரும்பு வெட்ஜ் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர்கள் உண்டு. தேய்த்த வெட்ஜை மறுபடி அளக்காமல் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் ஜெல்லைத் துடைத்து லேசாக எண்ணெய் பூசி வைத்தால் இந்தப் பாடே இல்லை.

வெட்ஜ் எந்த உலோகம் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் எம்.எஸ். என்று நாம் சொல்லும் கார்பன் ஸ்டீல், சில இடங்களில் எஸ்.எஸ். எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 வகை, சில இடங்களில் அலுமினியம். அளக்கப்போகும் பொருளும் வெட்ஜும் ஒரே உலோகமாக இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் என்ன செய்வது என்பது கீழே வருகிறது.

இரண்டு படியில் சரிசெய்தல்

கேஜை ஆன் செய்து, புரோப் முகத்தைத் துடைத்துவிட்டு, கருவியில் பதித்த வட்டின் மேல் ஜெல் தடவி ஜீரோ செய்யுங்கள். இது ஆரம்பம் மட்டும்தான். நிறையப் பேர் இதோடு கேலிபரேஷன் முடிந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த வட்டு ஒரே தடிமன், ஒரே உலோகம். வேகத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது.

அடுத்து வேகத்தை எம்.எஸ்.-க்கான 5920 m/s என்று வைத்து, வெட்ஜின் மெல்லிய படியிலும் தடித்த படியிலும் புரோப்பை வைத்துப் படிப்பு எடுங்கள். எந்த இரண்டு படி? நீங்கள் அளக்கப்போகும் தடிமன் அவை இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். 6 மி.மீ. தகடு என்றால் 2.5-உம் 12.5-உம் எடுக்கலாம். 12.5 வரைதான் வெட்ஜ் இருக்கிறது, வேலையோ 25 மி.மீ. பாய்லர் ஷெல் என்றால் அந்த வெட்ஜ் போதாது. வேறு கட்டை தேடுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. மைக்ரோமீட்டரில் வெட்ஜ் சரியாக 2.50, 12.50 காட்டுகிறது. கேஜ் காட்டுவது 2.62, 12.72. மெல்லிய படியில் 0.12 கூடுதல், தடித்த படியில் 0.22 கூடுதல். தப்பு இரண்டு இடத்திலும் ஒன்றாக இல்லை, ஆகவே ஜீரோ மட்டும் காரணம் இல்லை. தடிமன் ஐந்து மடங்கு ஆனபோது தப்பு ஐந்து மடங்கு ஆகவில்லை, ஆகவே வேகம் மட்டும் காரணம் இல்லை. இரண்டும் கலந்திருக்கிறது.

பிரிப்பதற்கு இரண்டு படிப்புகளையும் கழியுங்கள். கழிக்கும்போது ஜீரோ தப்பு இரண்டிலும் சமமாக இருப்பதால் தானாக அடிபட்டுப் போகும். மிஞ்சுவது வேகத்தின் தப்பு மட்டும். உண்மை வித்தியாசம் 10.00. கேஜ் காட்டும் வித்தியாசம் 12.72 − 2.62 = 10.10.

```
5920 × 10.00 ÷ 10.10 = 5861 m/s
```

வேகத்தை 5861 என்று மாற்றினால் மெல்லிய படி 2.59 காட்டும். மீதமிருக்கும் 0.09 ஜீரோவின் தப்பு. அதை ஜீரோ சரிசெய்து எடுத்துவிட்டால் இரண்டு படியும் நேராகிவிடும்.

கணக்குப் போட விருப்பம் இல்லாதவர்களுக்குக் கையாலேயே போகிற வழி உண்டு. மெல்லிய படியில் ஜீரோவைத் திருத்துங்கள், தடித்த படியில் வேகத்தைத் திருத்துங்கள், மறுபடி மெல்லிய படிக்குத் திரும்புங்கள். மேலே சொன்ன அதே கேஜில், முதலில் மெல்லிய படியை 2.50-க்குக் கொண்டுவந்தால் தடித்த படி 12.60 காட்டும். வேகத்தை 5873-க்குக் குறைத்தால் அது 12.50 ஆகும், ஆனால் மெல்லிய படி 2.48-க்கு இறங்கியிருக்கும். அதை மறுபடி 2.50 ஆக்கி, தடித்த படியில் மறுபடி வேகத்தைத் தொட்டால் 5864 பக்கம் வந்து நிற்கும். இரண்டு மூன்று சுற்றில் முடிந்துவிடும். மெல்லியதில் ஜீரோ, தடித்ததில் வேகம் என்ற வரிசையை மாற்றிப் போட்டால் எண்கள் சேர்வதற்குப் பதில் விலகிக்கொண்டே போகும். சில கேஜ்களில் இரண்டு தடிமனையும் கேட்டு வாங்கிக் கருவியே இந்தக் கணக்கைப் போட்டுக்கொள்ளும். அப்போதும் அது கண்டுபிடித்த வேகத்தைத் திரையில் பாருங்கள். சாதாரண இரும்பு வெட்ஜில் 5400 என்றோ 6300 என்றோ வந்தால் நீங்கள் வேறு படியில் புரோப்பை வைத்திருக்கிறீர்கள், அல்லது எண்ணைத் தவறாக அடித்திருக்கிறீர்கள்.

கடைசியாக நடுப்படி ஒன்றை அளந்து பாருங்கள். அதைச் சரிசெய்யக் கூடாது, பார்க்க மட்டும்தான். 7.50 என்ற இடத்தில் 7.48 முதல் 7.52-க்குள் வந்தால் போதும் என்பது என் வழக்கம். உங்கள் வேலைக்கான நடைமுறை ஆவணத்தில் வேறு எல்லை இருந்தால் அதுவே செல்லும். இரண்டு முனையும் பொருந்தி நடுப்படி பொருந்தாவிட்டால் பெரும்பாலும் புரோப் முகம் சாய்வாகத் தேய்ந்திருக்கும். ஒரு இரும்பு அளவுகோலின் விளிம்பை முகத்தின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தேய்மானம் தெரிந்துவிடும்.

ஒரே படியில் மட்டும் வேகத்தைத் திருகிச் சரிசெய்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். ஜீரோவில் 0.10 தப்பு இருக்கிறது, வேகம் 5920 சரியாகவே இருக்கிறது என்று வையுங்கள். 3.00 மி.மீ. துண்டில் 3.10 காட்டும். அதை 3.00 ஆக்க வேகத்தை 5729-க்கு இறக்குவீர்கள். அந்தத் துண்டில் இனி அழகாக 3.00 வரும். அதே கேஜை 12 மி.மீ. தகட்டில் வைத்தால் 11.71 காட்டும். கிட்டத்தட்ட 0.3 மி.மீ. அரிப்பு, இல்லாத இடத்தில்.

உலோகம் மாறினால்

ஜீரோ என்பது புரோப்பைச் சேர்ந்தது, வேகம் என்பது பொருளைச் சேர்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் இரும்பு வெட்ஜ் ஒன்றை வைத்துக்கொண்டே மற்ற உலோகங்களுக்கும் போகலாம். வெட்ஜில் ஜீரோவை உறுதி செய்துவிட்டு, அதைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

பட்டியல்களில் எம்.எஸ்.-க்கு 5900 முதல் 5920 வரை போட்டிருக்கும். 304 போன்ற எஸ்.எஸ். வகைகளுக்கு 5660 முதல் 5740 வரை, அலுமினியத்துக்கு 6320, செம்புக்கு 4660, பித்தளைக்கு 4280 முதல் 4430 வரை. எல்லாமே நொடிக்கு மீட்டரில். 10 மி.மீ. அலுமினியத்தை எம்.எஸ். வேகத்தில் அளந்தால் 9.37 காட்டும். 5 மி.மீ. பித்தளையில் 6.7 முதல் 6.9 வரை காட்டும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை யாரும் கவனித்துவிடுவார்கள். கவனிக்காமல் போவது எஸ்.எஸ்.தான், ஏனென்றால் அதன் வித்தியாசம் மூன்று முதல் ஐந்து சதவீதம் மட்டும். தகடு அளவிலேயே அந்த ஏற்ற இறக்கம் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

உதவிக்கு வரும் பையன்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணாச்சி, அதுவும் இரும்புதானே, இதுவும் இரும்புதானே, எதுக்கு மாத்தணும்?" அதற்கு நான் சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்னக் காந்தத்தை எடுத்துக் கொடுத்துவிடுவேன். "ஒட்டுதாலே, பாரு." எம்.எஸ்.-இல் இறுக ஒட்டும். 304-இல் ஒட்டாது. வளைத்த இடங்களிலும் வெல்டிலும் மட்டும் லேசாக இழுக்கும். பெயின்ட் அடித்த குழாயில், கண்ணால் பார்த்து உலோகம் சொல்ல முடியாத இடத்தில், இந்த ஒரு ரூபாய்க் காந்தம் வேகத் தப்பில் பாதியைத் தடுத்துவிடும்.

இப்போது முழு வேலை ஒன்றைப் பார்ப்போம். 304 எஸ்.எஸ். தகட்டால் செய்த ஒரு சேமிப்புத் தொட்டி. வரைபடத்தில் 6 மி.மீ. தகடு, குறைந்தபட்சம் இருக்க வேண்டிய தடிமன் 5.40 மி.மீ. கையில் இருப்பது இரும்பு வெட்ஜ். வெட்ஜில் இரண்டு படி சரிபார்ப்பு முடித்தாயிற்று, அதில் வந்த வேகம் 5920 என்று வைத்துக்கொள்வோம்.

அந்தத் தொட்டி செய்த தகட்டின் வெட்டுத்துண்டு ஸ்டோரில் இருக்கிறதா என்று கேளுங்கள். பலமுறை இருக்கும். துண்டை வெட்டிய ஓரத்திலேயே அளக்காதீர்கள், அங்கே பிசிறு நிற்கும், அளவு கூடிவரும். ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளி மைக்ரோமீட்டரால் அளந்தால் 5.94. அதே இடத்தில் கேஜ் 6.19 காட்டுகிறது. ஜீரோ ஏற்கெனவே சரி என்பதால் இந்த வித்தியாசம் முழுக்க வேகத்தால் வந்தது.

```
5920 × 5.94 ÷ 6.19 = 5681 m/s
```

பட்டியல் சொல்லும் எல்லைக்குள் விழுகிறது, ஆகவே நம்பலாம். கேஜில் 5681 வைத்துத் துண்டை மறுபடி அளந்தால் 5.94 வர வேண்டும். வந்தால் தொட்டிக்குப் போகலாம்.

தொட்டியின் அடிப்பக்கத்தில், தண்ணீர் தேங்கும் ஓரத்தில், கேஜ் 5.30 காட்டுகிறது. 5.40-க்குக் கீழே. அறிக்கையில் எழுதி மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டிய இடம். இதே இடத்தை எம்.எஸ். வேகத்தோடு அளந்திருந்தால் 5.52 காட்டியிருக்கும். தேறியது என்று டிக் போட்டு நகர்ந்திருப்போம். 304 போன்ற எஸ்.எஸ்.-இல் எம்.எஸ். வேகம் வைப்பது எப்போதும் கூடுதலாகவே காட்டும், அதாவது மெலிந்த தகட்டைத் தடிமனாகக் காட்டும். பத்திரமில்லாத பக்கம் சாயும் தப்பு இது. அலுமினியத்தில் நேர்மாறு: நல்ல தகட்டை மெலிந்ததாகக் காட்டும், பணம் வீணாகும், ஆளுக்கு ஆபத்து வராது.

ஏற்கெனவே எம்.எஸ். வேகத்தில் எடுத்துவைத்த படிப்புகள் இருந்தால், மறுபடி ஏணி ஏறத் தேவையில்லை. ஜீரோ சரியாக இருந்தது உறுதி என்றால், எல்லாவற்றையும் 5681 ÷ 5920-ஆல் பெருக்கினால் உண்மைத் தடிமன் வந்துவிடும்.

வெட்டுத்துண்டு கிடைக்காவிட்டால் தொட்டியிலேயே இரண்டு பக்கமும் எட்டக்கூடிய இடம் தேடுங்கள்: திறந்த வாய் உள்ள தொட்டியின் மேல் விளிம்பு, அதே தகட்டில் வெட்டிய மூடி. ஃபிளாஞ்சில் அளக்க வேண்டாம், அது பெரும்பாலும் வேறு உலோகம், வேறு விதமாகச் செய்தது. எதுவுமே இல்லையென்றால் பட்டியல் வேகத்தை வைத்து, "வேகம் பட்டியலிலிருந்து எடுத்தது" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். கிடைத்த தடிமன் எல்லைக்கு மிக அருகில் இருந்தால் அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

வார்ப்பிரும்பில் மட்டும் பட்டியலை நம்பவே கூடாது. உள்ளே இருக்கும் கிராஃபைட்டின் வடிவத்தைப் பொறுத்து வேகம் 3500-இலிருந்து 5600 வரை எங்கும் இருக்கலாம். பழைய பம்ப் உறையை அளக்கச் சொன்னால், அந்த உறையிலேயே காலிப்பர் நுழையும் ஓர் இடத்தைப் பிடித்து வேகம் எடுங்கள். ஓர் உறையில் எடுத்த வேகத்தைப் பக்கத்து உறைக்குப் போடக்கூட நான் தயங்குவேன்.

கேலிபரேஷன் சரி, படிப்பு தப்பு

மெல்லிய தகட்டில் முதல் எதிரொலியைக் கேஜ் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது 0.8 மி.மீ. தகடு 1.6 என்று தெரியும். சாதாரண 5 மெகாஹெர்ட்ஸ் புரோப்பில் 1.2 மி.மீ.-க்குக் கீழே இதை எதிர்பார்க்க வேண்டும். அரித்த குழாயில் சுற்றிலும் 3.0, 2.4, 1.9 என்று இறங்கிவந்து திடீரென்று 2.2 என்று ஏறினால் சந்தேகப்படுங்கள். குழாய் அங்கே 1.1 ஆகியிருக்கலாம்.

பெயின்ட் மேல் அளந்தால் பெயின்ட்டையும் சேர்த்துத்தான் காட்டும், அதுவும் பெருக்கிக் காட்டும். பெயின்ட்டில் ஒலிவேகம் இரும்பில் இருப்பதில் பாதிக்கும் குறைவு. 0.2 மி.மீ. பெயின்ட் திரையில் அரை மி.மீ. பக்கம் கூடுதல் சேர்க்கும். எதிரொலிக்கும் எதிரொலிக்கும் நடுவில் அளக்கும் வசதி உங்கள் கேஜில் இல்லையென்றால், சுரண்டிவிட்டு அளப்பதே வழி.

குழாயில் புரோப்பைப் பிடிக்கும் திசையும் முக்கியம். புரோப் முகத்தின் நடுவே ஒரு கோடு தெரியும், இரண்டு படிகங்களையும் பிரிக்கும் தடுப்பு அது. சிறிய குழாயில் அந்தக் கோடு குழாயின் நீளத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். மெல்ல அசைத்துப் பார்த்து, நிலையாக நிற்கும் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம் ஊர் வெயில். சூடு ஏற ஏற இரும்பில் ஒலிவேகம் குறையும், 55 டிகிரி செல்சியஸ் கூடினால் தடிமன் சுமார் ஒரு சதவீதம் அதிகமாகத் தெரியும். சித்திரை மாதத்து நண்பகலில் தொட்டிக் கூரை நிழலைவிட 25 டிகிரி கூடுதலாகக் கொதித்தால், 10 மி.மீ.-க்கு 0.05 மி.மீ. வித்தியாசம். இது பெரிதல்ல. பெரிய தொல்லை புரோப்பில் இருக்கிறது. சூடான தகட்டில் வைத்துக்கொண்டே இருந்தால் அதன் பிளாஸ்டிக் முகம் சூடாகி ஒலி அதற்குள் போய்வரும் நேரம் மாறும், ஜீரோ நகர்ந்துவிடும். ஆகவே வெட்ஜை ஏ.சி. அறையில் விட்டுவிட்டுக் கூரை ஏறாதீர்கள். வேலை நடக்கும் இடத்திலேயே, அதே வெயிலில், தகட்டின் மேலேயே சிறிது நேரம் கிடக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை ஒரு படியை அளந்து பாருங்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து நெல் அவியல் மில் பாய்லரை அணைத்த கையோடு அளக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சாதாரண புரோப் 50 டிகிரிக்கு மேல் தாங்காது. ஷெல் கை வைக்கிற சூட்டுக்கு வரட்டும்.

எழுதி வைக்க வேண்டியவை

அறிக்கையில் தடிமன் மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டு வருகிறவருக்கு அது பயன்படாது. கேஜ் எண், புரோப் எண், வெட்ஜ் எண், எந்த இரண்டு படியில் சரிசெய்தீர்கள், எந்த வேகம் வைத்தீர்கள், அந்த வேகம் எங்கிருந்து வந்தது, தகடு எவ்வளவு சூடு: இவை வேண்டும். பேட்டரி மாற்றினால், புரோப்போ கேபிளோ மாற்றினால், கேஜ் கீழே விழுந்தால், ஆள் மாறினால், மறுபடி வெட்ஜுக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் ஒருமுறை. அந்தக் கடைசிச் சோதனையில் எண் விலகியிருந்தால், அதற்கு முன்பு எப்போது சரியாகக் காட்டியதோ அதன் பிறகு எடுத்த எல்லாப் படிப்புகளையும் திரும்ப எடுக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை பார்த்திருந்தால் அது அரைமணி வேலை. காலையில் ஒரு தடவை மட்டும் பார்த்திருந்தால் முழுநாள் வேலை.